ஒரு டயோடா, இரண்டா, நான்கா? 12 வோல்ட் பவர் சப்ளை கட்டுகிறவருக்கு

ஒரு எஃப்.எம். ரேடியோ போர்டு, அதோடு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். இரண்டும் 12 வோல்ட் டிசியில் ஓடும், சேர்த்து அரை ஆம்பியர் இழுக்கும். கடையில் கிடைக்கும் மலிவான ஸ்விட்சிங் அடாப்டரைச் செருகினால் வேலை முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த வகை அடாப்டர் பலவும் ரேடியோவுக்குள் இரைச்சலைக் கொண்டுவரும். மீடியம் வேவ் கேட்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சொந்தமாக சப்ளை கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிக் கட்ட உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, ஏசியை டிசியாக்க ஒரு டயோடு போதுமா, இரண்டு போடுவதா, நான்கு போடுவதா என்பது.

டயோடுகளின் விலையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 1N4007 ஒன்று சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் எது, கெபாசிட்டர் எவ்வளவு, உங்கள் வீட்டில் மாலையில் மெயின்ஸ் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்பவைதான் முடிவு செய்யும். அதைப் பார்ப்பதற்கு முன் டயோடு செய்யும் வேலையைக் கொஞ்சம் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கிணற்று மோட்டாரின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மேலே விடும், கீழே திரும்ப விடாது. டயோடும் கரண்ட்டை ஒரு பக்கம்தான் விடும். வெள்ளிக் கோடு போட்ட முனை கேத்தோடு; கரண்ட் மறுமுனையான ஆனோடில் நுழைந்து கோடு இருக்கும் பக்கமாக வெளியேறும். ஃபுட் வால்வின் மூடி தூக்கிக்கொள்ள ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும் அல்லவா? டயோடுக்கும் அப்படித்தான். சிலிக்கானின் பி பகுதியும் என் பகுதியும் சேரும் இடத்தில் மின்சாரத்தைச் சுமக்க எதுவும் இல்லாத ஒரு மெல்லிய பட்டை தானாகவே உருவாகி நிற்கும். முன்பக்க வோல்டேஜ் 0.6, 0.7 தொட்டால்தான் அந்தப் பட்டை வழிவிடும். பின்பக்கமாக வோல்டேஜ் கொடுத்தால் பட்டை இன்னும் அகலமாகி வழியை அடைத்துவிடும். கரண்ட் கூடக் கூட இந்த 0.7 மெல்ல ஏறும். 1N4007 போன்ற டயோடில் ஓரிரு ஆம்பியர் ஓடும் நேரத்தில் 1 வோல்ட் வரை போய்விடும் என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு.

இன்னொன்றும் உண்டு. ஏசி பாசிட்டிவாக இருக்கும் நேரம் முழுக்க டயோடு திறந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கெபாசிட்டர் இல்லாத சர்க்யூட்டில் அது கிட்டத்தட்ட சரி. கெபாசிட்டர் வைத்துவிட்டால் கதை மாறிவிடும். டயோடுக்கு அந்தப் பக்கம் கெபாசிட்டர் ஏற்கனவே 15 வோல்டில் நிற்கிறது என்றால், இந்தப் பக்கம் ஏசி 16 தாண்டினால்தான் டயோடு திறக்கும். அலையின் உச்சியில் ஒன்றிரண்டு மில்லி செகண்டு திறக்கிறது, அதற்குள் கெபாசிட்டரை நிரப்புகிறது, மூடிக்கொள்கிறது. அடுத்த உச்சி வரும் வரை ரேடியோ ஓடுவது முழுக்கக் கெபாசிட்டரில் இருப்பதை வைத்துத்தான். கீழே வரும் கணக்கெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது.

சரி, கையில் 12-0-12, 1 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் சரக்கு இது. நடு ஒயருக்கும் ஓர ஒயருக்கும் நடுவே 12 வோல்ட். இந்த 12 என்பது ஆர்எம்எஸ் அளவு. அலையின் உச்சி அதைப் போல் 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். டயோடுகளுக்குப் பின் ஒரு கெபாசிட்டர், அதற்குப் பின் 7812 ரெகுலேட்டர். 7812 ஒழுங்காக 12 வோல்ட் கொடுக்க, அதன் உள்ளே வரும் வோல்டேஜ் எந்த நொடியிலும் 14-க்குக் கீழே போகக் கூடாது. இந்த 14-ஐ மனதில் வைத்துக்கொண்டால் மூன்று வழிகளையும் எளிதாக எடைபோட்டுவிடலாம்.

முதலில் ஒரே டயோடு. 17-ல் டயோடுக்கு 1 போனால் கெபாசிட்டர் 16 வரை நிரம்பும். நம் ஊர் ஏசி 50 ஹெர்ட்ஸ்; ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்டு. ஒரே டயோடு என்பதால் சுற்றுக்கு ஒரு தடவைதான் நிரப்பும், மீதி நேரம் வோல்டேஜ் வழிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு இறங்கும் என்பதற்குக் கணக்கு இவ்வளவுதான்: ஆம்பியரை நொடியால் பெருக்கி, கெபாசிட்டரின் ஃபாரட் அளவால் வகுக்க வேண்டும். 0.5 × 0.02 ÷ 0.0022. அதாவது 2200 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 4.5 வோல்ட் இறக்கம். 16-ல் 4.5 போக 11.5. ரெகுலேட்டருக்கு வேண்டிய 14 எங்கே, இது எங்கே? ஒவ்வொரு சுற்றிலும் ரெகுலேட்டர் கொஞ்ச நேரம் கைவிட்டுவிடும். ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸில் கனமான 'ம்ம்ம்' சத்தம் வரும்.

"கெபாசிட்டரைப் பெரிதாக்கிவிட்டால்?" என்று கேட்பார்கள். 10,000 மைக்ரோஃபாரட் போட்டால் இறக்கம் 1 வோல்டுக்கு வந்துவிடும், கணக்கு சரிதான். அடி விழுவது டிரான்ஸ்ஃபார்மருக்கு. 20 மில்லி செகண்டில் செலவாகும் அத்தனையையும் அந்த ஒன்றிரண்டு மில்லி செகண்டில் திருப்பித் தர வேண்டும் என்பதால் சுருளில் பல ஆம்பியர் கொண்ட துடிப்புகள் ஓடும். சுருளின் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும். சராசரி அரை ஆம்பியர்தானே என்ற சமாதானம் அங்கே செல்லாது. அதோடு கரண்ட் எப்போதும் ஒரே திசையில் ஓடுவதால் இரும்புக் கருவில் காந்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அது தெவிட்டும் நிலைக்குத் தள்ளப்படும். ரேடியோ ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மரே உறுமிக்கொண்டு, கை வைத்தால் சுடுகிறது என்றால் உள்ளே ஷார்ட் ஆன சுருளைச் சந்தேகிக்கும் முன் இந்த அமைப்பைச் சந்தேகிக்கலாம். சத்தம் லோடு இருக்கும்போதுதான் கூடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அதற்காக ஒரு டயோடு எதற்கும் உதவாது என்றும் இல்லை. சில மில்லி ஆம்பியர் இழுக்கும் இண்டிகேட்டர் எல்இடிக்கு இரண்டு டயோடு போடுவது வீண். 25 வாட் சால்டரிங் அயர்னோடு தொடராக ஒரு 1N4007 சேர்த்தால் அதற்கு ஏசியின் பாதி மட்டும் போய் வாட்டும் ஏறக்குறைய பாதியாகும். பழைய ரிப்பேர்காரர்கள் மேசையில் ஸ்டாண்டில் கிடக்கும் நேரத்துக்காக இப்படி ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். சூடாக்கும் கம்பிக்கு டிசி வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற கவலை இல்லை. ரேடியோவுக்கு அந்தக் கவலைதான் முக்கியம். ஆக, நம் வேலைக்கு ஒரு டயோடு கழிந்தது.

இரண்டாவது வழிக்குத்தான் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரே பிறந்தது. ஓர ஒயர் இரண்டிலும் ஆளுக்கொரு டயோடு, கோடு போட்ட முனைகள் இரண்டும் சேர்ந்து பாசிட்டிவ். நடு ஒயர் நெகட்டிவ். ஏசியின் முதல் பாதியில் மேல் சுருள் கொடுக்கும், அடுத்த பாதியில் கீழ்ச் சுருள் கொடுக்கும். எந்த நேரத்திலும் கரண்ட் ஒரே ஒரு டயோடைத்தான் கடக்கிறது, அதனால் கெபாசிட்டர் இங்கேயும் 16 வரை நிரம்பும். நிரப்புவது 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை என்பதால் இறக்கம் பாதியாகிவிடும். 2200-க்கு 2.3 வோல்ட், வோல்டேஜ் இறங்கித் தொடும் பள்ளம் 13.7-ல் நிற்கும். 14-ஐ நூலிழையில் தவறவிடுகிறது. 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் போட்டால் இறக்கம் 1.1, பள்ளம் 14.9. தேறிவிட்டது. இரண்டு சுருளும் எதிரெதிர்த் திசையில் மாறி மாறி வேலை செய்வதால் கருவில் காந்தம் ஒரு பக்கம் சாய்வதும் இல்லை.

குறை என்ன? ஒவ்வொரு சுருளும் பாதி நேரம் சும்மா கிடக்கிறது. 12 வோல்டுக்கு இரண்டு மடங்கு செம்புக் கம்பி சுற்றி வைத்து ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறோம். அடுத்தது, மூடியிருக்கும் டயோடு தாங்க வேண்டிய பின்பக்க வோல்டேஜ். ஒரு பக்கம் கெபாசிட்டர் 16-ல் நிற்க, மறுபக்கம் அதன் சுருள் மைனஸ் 17-க்குப் போகும். ஆக டயோடின் குறுக்கே 33, 34 வோல்ட். 1N4007 தாங்குவது 1000 வோல்ட் என்பதால் அதற்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் வோல்டேஜ் இழப்பைக் குறைக்கலாம் என்று ஷாட்கி டயோடு போடுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 1N5819, 1N5822 எல்லாம் 40 வோல்ட் சரக்கு. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதபோது எழுதியிருப்பதைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும். இரவில் மெயின்ஸ் 250-க்கு ஏறினால் அந்த 34 என்பது 40-ஐத் தாண்டிவிடும். ரேடியோவை அணைத்துவிட்டு சப்ளையை மட்டும் ஆனில் விட்ட ஓர் இரவில் டயோடு போகும், காலையில் காரணம் புரியாது.

மூன்றாவது நான்கு டயோடு பிரிட்ஜ். இதற்கு நடு ஒயர் தேவையில்லை, ஒரே 12 வோல்ட் சுருள் போதும். ஏசி எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரெதிரே இருக்கும் இரண்டு டயோடுகள் திறந்து, வெளியே போகும் கரண்ட்டை ஒரே திசைக்குத் திருப்பிவிடுகின்றன. சுருள் முழுக்க முழுக்க இரண்டு பாதியிலும் உழைக்கிறது. ஒவ்வொரு டயோடும் தாங்க வேண்டியது 17 வோல்ட் மட்டுமே. இன்று கடையில் வாங்கும் சாதனங்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

ஆனால் கரண்ட் இங்கே எப்போதும் இரண்டு டயோடுகளைக் கடக்கிறது. 17-ல் 2 போனால் 15. 4700 கெபாசிட்டருக்கு இறக்கம் 1.1, பள்ளம் 13.9. அதே டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜ், அதே கெபாசிட்டர், ஆனால் இரண்டு டயோடு வழி தேறிய இடத்தில் நான்கு டயோடு வழி ஓரத்தில் தடுமாறுகிறது. 'பிரிட்ஜ்தான் எப்போதும் சிறந்தது' என்று பாடப்புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்கள் 12 வோல்ட் சுருளில் பிரிட்ஜ் போட்டு, 7812 சரியில்லை என்று அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 230 வோல்டை நேரடியாகத் திருத்தும் இடத்தில் 325 வோல்ட் உச்சியில் 2 போனால் யாருக்கும் தெரியாது. 17-ல் 2 போவது பெரிய விஷயம்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. பிரிட்ஜில் ஒவ்வொரு டயோடும் 17 வோல்ட்தான் தாங்குகிறது, மெயின்ஸ் ஏறினாலும் இருபதை ஒட்டி நிற்கும் என்பதால், இரண்டு டயோடு வழியில் ஆபத்தாக இருந்த 40 வோல்ட் ஷாட்கி இங்கே தாராளமாகப் பொருந்தும். நான்கு 1N5822 போட்டால் டயோடுக்கு அரை வோல்ட், இரண்டுக்கும் சேர்த்து 1 வோல்ட். ஒரே சுருளை வைத்துக்கொண்டே பள்ளத்தை 14.9-க்குக் கொண்டுவந்துவிடலாம். விலை 1N4007-ஐவிடக் கூடுதல், உருவமும் தடிமன்; ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதைவிட மலிவு.

டிரான்ஸ்ஃபார்மரின் ஆம்பியர் கணக்கு ஒன்று பாக்கி. துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் எடுப்பதால், பிரிட்ஜில் சுருளின் ஆர்எம்எஸ் கரண்ட் நாம் எடுக்கும் டிசியைப் போல் 1.6-லிருந்து 1.8 மடங்கு வரும். அரை ஆம்பியர் டிசிக்குச் சுருளில் 0.9 ஆம்ப் வரை. அதனால் 1 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரில் பிரிட்ஜ் போட்டு 1 ஆம்ப் டிசி எடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. இரண்டு டயோடு வழியில் ஒவ்வொரு சுருளுக்கும் சுமார் 1.2 மடங்குதான், இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இதுவரை மெயின்ஸ் 230-ல் நிற்கிறது என்று வைத்தே கணக்குப் போட்டோம். ஊர்க் கோடியில் இருக்கும் வீட்டில், மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் மின்விசிறியும் மோட்டாரும் ஓடும்போது 200-க்கு இறங்குவது புதிதல்ல. அப்போது 17 என்ற உச்சி 14.8 ஆகிவிடும். இரண்டு டயோடு வழியிலும் பள்ளம் 12.7-க்குப் போய்விடும்; ஷாட்கி பிரிட்ஜுக்கும் அதே கதிதான். காலையில் சுத்தமாகப் பாடும் ரேடியோ மாலையில் மட்டும் உறுமினால் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். மல்டிமீட்டரை டிசியில் வைத்துக் கெபாசிட்டரின் மேல் அளந்தால் சராசரி மட்டும் தெரியும். அது 14-ஐ ஒட்டியோ கீழேயோ இருந்தால் பள்ளம் அதற்கும் கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த நிலைக்கு மருந்து டயோடில் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரில்தான். 15 வோல்ட் ஒற்றைச் சுருள், 1 ஆம்ப். உச்சி 21.2. சாதாரண 1N4007 நான்கு போட்டு 2 போனாலும் 19.2. மெயின்ஸ் 200-க்கு இறங்கினால் உச்சி 18.4, டயோடு 2, இறக்கம் 1.1 போக 15.3. இன்னும் மிச்சம் இருக்கிறது. இதற்கு விலை சூடு. மெயின்ஸ் ஒழுங்காக இருக்கும் நேரத்தில் 7812-க்குச் சராசரியாக 18.6 வோல்ட் போகும், அது 6.6-ஐ அரை ஆம்பியரோடு பெருக்கி 3.3 வாட்டைச் சூடாக எரிக்கும். ஹீட்சிங்க் இல்லாமல் விட்டால் ரெகுலேட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி பாடும். 12-0-12 வழியில் இந்தச் சூடு 1.7 வாட்தான், சின்னத் தகடு போதும். 15 வோல்டுக்குக் கெபாசிட்டர் 35 வோல்ட் சரக்காக இருக்கட்டும். 25 என்பது லோடு இல்லாத இரவு நேரத்தில் ஒட்டி உரசும்.

ஆக, என் தேர்வு இப்படி. பழைய 12-0-12 ஏற்கனவே கையில் இருந்து, வீட்டில் மெயின்ஸ் பெரும்பாலும் 220-க்கு மேல் நிற்கிறது என்றால் இரண்டு 1N4007-ம் 4700 மைக்ரோஃபாரடும் போட்டு முடித்துவிடுங்கள்; 220-ஐ ஒட்டி நிற்கும்போதே பள்ளம் 14-ஐத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், அதற்குக் கீழே இந்த வழி தாங்காது. புதிதாக வாங்கத்தான் போகிறோம், அல்லது மாலையில் வோல்டேஜ் இறங்கும் வீடு என்றால் 15 வோல்ட் ஒற்றைச் சுருளும் பிரிட்ஜும் ஹீட்சிங்கும். ஷாட்கி பிரிட்ஜை, 12 வோல்ட் ஒற்றைச் சுருள் மட்டுமே கையில் இருக்கிறது, வேறு வாங்க மனமில்லை என்கிறவர்களுக்கு விட்டுவிடுவேன். பின்னால் ஆப்-ஆம்ப் வைத்த டோன் கண்ட்ரோல் போர்டு செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும் 12-0-12-ஐ விற்றுவிடாதீர்கள். ஓர ஒயர்களில் பிரிட்ஜ், நடு ஒயர் கிரவுண்டு என்று போட்டால் பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்து கிடைக்கும்.

12-0-12 வைத்திருக்கிறவர்கள் செய்யும் ஒரு பெரிய தப்பு, நடு ஒயரை விட்டுவிட்டு இரண்டு ஓர ஒயர்களையும் பிரிட்ஜில் கொடுத்து, பிரிட்ஜின் மைனஸைக் கிரவுண்டாக எடுப்பது. அது 24 வோல்ட் ஏசி, உச்சி 34. பிரிட்ஜுக்குப் பின் 32. லோடு இல்லாதபோது இன்னும் ஏறி, 7812-ன் உச்ச வரம்பான 35-ஐத் தாண்டிவிடும். 25 வோல்ட் கெபாசிட்டர் அதற்கு முன்பே வீங்கி வாய் பிளந்துவிடும். ஒயரின் நிறத்தை நம்பாமல், டயோடு வைக்கும் முன் ஏசியில் அளந்துவிட வேண்டும். எந்த இரண்டு ஒயருக்கு நடுவே 24-க்கு மேல் காட்டுகிறதோ அவை ஓரம், மிச்சம் இருப்பது நடு.

கட்டி ஓடிக்கொண்டிருக்கும் சப்ளை திடீரென்று மக்கர் செய்தால் சத்தமே பாதி சொல்லிவிடும். பிரிட்ஜில் ஒரு டயோடு அறுந்துபோனால் அது அரை அலையாக மாறிவிடும். லோடு கொடுத்ததும் வோல்டேஜ் சரியும், 50 ஹெர்ட்ஸின் கனத்த உறுமல் வரும். கெபாசிட்டர் காய்ந்துபோயிருந்தால் டயோடுகள் நன்றாகவே இருப்பதால் உறுமல் 100 ஹெர்ட்ஸில், ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். டயோடு ஷார்ட் ஆனால் உறுமலுக்கெல்லாம் நேரமே இருக்காது. அடுத்த அரைச் சுற்றில் இன்னொரு டயோடு வழியாக டிரான்ஸ்ஃபார்மர் சுருள் நேரே ஷார்ட் ஆகும். டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கத்தில் 250 மில்லி ஆம்ப் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் இருந்தால் அது போகும். இல்லாவிட்டால் சுருள் போகும்.

சோதிக்க, பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்துவிட்டு, டயோடின் ஒரு காலை போர்டிலிருந்து எடுத்துவிட்டு மல்டிமீட்டரை டயோடு குறியில் வையுங்கள். சிவப்பு முனை ஆனோடில், கறுப்பு முனை கோடு பக்கத்தில் இருக்கும்போது 1N4007-க்கு 0.5 முதல் 0.7-க்குள், ஷாட்கிக்கு 0.2 ஒட்டிக் காட்டும். திருப்பி வைத்தால் OL, அதாவது வழி அடைத்திருக்கிறது என்று காட்டும். இரண்டு பக்கமும் OL என்றால் அறுந்தது, இரண்டு பக்கமும் பூஜ்ஜியத்தை ஒட்டினால் ஷார்ட். காலை எடுக்காமல் அளந்தால் மற்ற டயோடுகளும் சுருளும் சேர்ந்து குழப்பும், நல்ல டயோடே ஷார்ட் மாதிரி காட்டும்.